கடலோர எஃகுக் கட்டமைப்புக்குப் பூச்சு விவரக்குறிப்பு எழுதுவது எப்படி: 320 மைக்ரான் என்பதன் முழுப் பொருள்

ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் பெயிண்ட் வேலை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "மணல்வீச்சு செய்து, எபாக்சி பிரைமரும் பாலியூரித்தேன் மேல்பூச்சும் அடிக்கவும், மொத்தத் தடிமன் 320 மைக்ரான்." இந்த வரியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வேலை நடக்கும்போது இதைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. 320 என்பது சராசரியா, குறைந்தபட்சமா? அளவுமானியை எந்தப் பரப்பின்மேல் சரிபார்த்தார்கள்? பூச்சுக்கு அடியில் உப்பு இருந்ததா? அளவுமானி எட்டாத விளிம்பில் எவ்வளவு இருக்கிறது? விவரக்குறிப்பில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் அளக்கும் முறை, ஏற்கும் வரம்பு, வரம்பு தவறினால் செய்யவேண்டியது ஆகிய மூன்றும் துணையாக இருக்கவேண்டும் என்ற ஒரே கருத்தைப் பிடித்துக்கொண்டு இந்த வழிகாட்டி செல்கிறது.

பேச வசதியாக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக் கடற்கரையில், அலைநீர் நேரடியாகத் தெறிக்காத, ஆனால் உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீசும் இடத்தில், குழாய்களைத் தாங்கும் எஃகுச் சட்டமான ஒரு பைப் ரேக் நிற்கப்போகிறது. எச் வடிவத் தூண்கள், ஐ வடிவ உத்திரங்கள், ஆங்கிள் குறுக்குத்தாங்கிகள் என்று பூசவேண்டிய பரப்பு 900 சதுர மீட்டர். எஃகு முழுவதும் புதியது. உருவாக்கும் பட்டறையிலேயே, துகள்களை அழுத்தக் காற்றால் அடித்துத் துருவை நீக்கும் துகள்வீச்சும் முதல் இரண்டு பூச்சுகளும் முடிந்துவிடும். நிறுத்திய பிறகு, பழுதுகளைச் சரிசெய்துவிட்டு, மேல்பூச்சு தளத்தில் அடிக்கப்படும். நீரில் மூழ்கும் தூண்களும் அலை தெறிக்கும் பகுதியும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்கு வேறு பூச்சு முறை வேண்டும், இங்கே சொல்வதை அங்கே கொண்டுபோய் வைக்கக்கூடாது.

சூழலையும் ஆயுளையும் முதலில் முடிவுசெய்தல்

பூச்சைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அது எதைத் தாங்கவேண்டும் என்பதை எழுதவேண்டும். எஃகுப் பூச்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12944இன் இரண்டாம் பகுதி காற்றுச் சூழல்களை அரிப்பின் கடுமையைக் கொண்டு வகைப்படுத்துகிறது. பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டில் 50 முதல் 80 மைக்ரான் வரை தடிமன் இழக்கும் இடம் சி4. 80 முதல் 200 வரை இழந்தால் சி5. 200க்கு மேல் 700 வரை இழந்தால் சிஎக்ஸ். மிதமான உப்புள்ள கரையோரம் பொதுவாகச் சி4இல் வரும். உப்பு மிகுந்த கரையோரம் சி5இல் வரும். கடலுக்குள் நிற்கும் மேடைகள் சிஎக்ஸ். கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. காற்று வீசும் திசையும், இடையில் தடுப்பு இருக்கிறதா என்பதும், மழை கழுவும் பக்கமா கூரைக்கு அடியில் ஒதுங்கிய பக்கமா என்பதும் சேர்ந்தே வகையைத் தீர்மானிக்கின்றன. மழை படாத உத்திரத்தின் அடிப்பக்கம்தான் பல கட்டமைப்புகளில் முதலில் துருப்பிடிக்கிறது என்பதை வெயிலில் நிற்கும் மேல்பக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஐயம் இருந்தால், எடை பார்த்த எஃகுத் தகடுகளை அதே இடத்தில் ஓராண்டு தொங்கவிட்டு, துருவை நீக்கி மறுபடி எடை பார்ப்பதே நேர்வழி.

நம் பைப் ரேக்கைச் சி5 என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது ஆயுள். அதே தரம் ஏழு ஆண்டு வரை குறைவு, 7 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை அதிகம், 25க்கு மேல் மிக அதிகம் என்று பிரிக்கிறது. முதல் பெரிய பராமரிப்புப் பூச்சு தேவைப்படும் வரையிலான எதிர்பார்ப்புக் காலத்தையே இது குறிக்கிறது. இது உத்தரவாதக் காலம் அன்று. உரிமையாளர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சண்டைகள் ஏராளம். ஆகவே ஆவணத்தில் இதை ஒரு வரியில் தெளிவாக்கிவிடுவது நல்லது. சூடான குழாய்கள் ஏறிவிட்டபின் பைப் ரேக்கில் மறுபடி சாரம் கட்டுவது பெரும் செலவு என்பதால் மிக அதிக ஆயுளையே கேட்கிறோம்.

பூச்சு முறையும் அதன் பகிர்வும்

சி5 சூழலில் மிக அதிக ஆயுளுக்கு, ஜிங்க் செறிந்த பிரைமரைக் கொண்ட எபாக்சி–பாலியூரித்தேன் முறைக்கு ஐஎஸ்ஓ 12944இன் ஐந்தாம் பகுதி குறைந்தது மூன்று பூச்சுகளும் மொத்தம் 320 மைக்ரான் உலர் படலத் தடிமனும் காட்டுகிறது. ஜிங்க் இல்லாத பிரைமர் என்றால் அதே ஆயுளுக்குத் தடிமன் கூடுகிறது. 320ஐ நாம் இப்படிப் பிரிக்கிறோம்: ஜிங்க் செறிந்த எபாக்சி பிரைமர் 60, தடித்த எபாக்சி இடைப்பூச்சு 200, பாலியூரித்தேன் மேல்பூச்சு 60.

மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. பிரைமரிலுள்ள ஜிங்க் துகள்கள் ஒன்றையொன்று தொட்டும் எஃகைத் தொட்டும் இருப்பதால், கீறல் விழும் இடத்தில் எஃகுக்குப் பதிலாகத் தாம் அரிபடுகின்றன. இந்தத் தொடர்பு அறுபடாமலிருக்க, உலர்ந்த படலத்தின் எடையில் குறைந்தது 80 விழுக்காடு ஜிங்க் தூளாக இருக்கவேண்டும் என்று தரம் கேட்கிறது. "ஜிங்க் பிரைமர்" என்று மட்டும் எழுதினால் இதில் பாதிகூட இல்லாத டப்பாவும் அந்தப் பெயரிலேயே வந்து இறங்கும். எனவே எண்ணை எழுதுங்கள். இடைப்பூச்சு தடுப்புச்சுவர்; நீரும் ஆக்சிஜனும் எஃகை அடையும் பாதையை அது நீளமாக்குகிறது. செதில் வடிவ இரும்பு ஆக்சைடு கலந்த எபாக்சி இதற்கு நன்று, மேல்பூச்சு பிடிக்கச் சற்றுச் சொரசொரப்பும் தரும். எபாக்சி வெயிலில் சுண்ணாம்புபோல் பொடிந்து மங்கும் என்பதால் அதற்கு மேல் பாலியூரித்தேன் குடையாகிறது.

ஜிங்க் சிலிகேட் பிரைமரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். அரிப்பிலிருந்து எஃகைக் காப்பதில் அது சிறந்தது. ஆனால் அது காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகுவது. ஈரம் குறைந்த நாளில் இறுகாமலே கிடக்கும், தடித்துப்போனால் காய்ந்த ஏரிமண்போல் வெடிக்கும், அதன் நுண்துளைகளிலிருந்து கிளம்பும் காற்று அடுத்த பூச்சில் குமிழியாக நிற்கும். கட்டுப்பாடு மிக்க பட்டறை கிடைத்தால் அதை எழுதுங்கள்; இல்லையென்றால் எபாக்சி வகையே தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

எஃகை ஆயத்தப்படுத்துதல்

துகள்வீச்சுக்கு முந்திய வேலைதான் பட்டறைகளில் அதிகம் விட்டுப்போவது. வெட்டிய விளிம்பு கூர்மையாக இருந்தால் ஈரப் பெயிண்ட் தன் பரப்பு இழுவிசையால் அங்கிருந்து பின்வாங்கிவிடும். தட்டைப் பகுதியில் 320 இருக்கும்போது விளிம்பில் அதில் ஒரு சிறு பகுதியே மிஞ்சும். ஐஎஸ்ஓ 8501இன் மூன்றாம் பகுதி வெல்டிங், விளிம்பு ஆகியவற்றின் ஆயத்த நிலையை பி1, பி2, பி3 என்று வகுக்கிறது. நம் பணிக்குப் பி3 என்று எழுதுகிறோம்: எல்லா விளிம்பும் குறைந்தது 2 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டப்பட வேண்டும், வெல்டிங் தெறிப்பு, கசடு, ஊசித்துளை எதுவும் இருக்கக்கூடாது. வாயுவால் வெட்டிய விளிம்பு வெப்பத்தால் இறுகியிருப்பதால் துகள்வீச்சு அதில் சொரசொரப்பை ஏற்படுத்தாது. வீச்சுக்கு முன் அதைக் கிரைண்டரால் தேய்த்துவிடவேண்டும். இது பெயிண்ட் ஒப்பந்ததாரரின் வேலையா, பட்டறையின் வேலையா என்று ஆவணத்தில் சொல்லாவிட்டால் இருவரும் செய்யமாட்டார்கள்.

அடுத்து எண்ணெய் நீக்கமும் நன்னீர்க் கழுவலும். துறைமுகத்தை ஒட்டிய திறந்த கிடங்கில் சில மாதம் கிடந்த எஃகின்மேல் உப்பு படிந்திருக்கும். அதைக் கழுவாமல் நேராக வீச்சுக்குக் கொண்டுபோனால், கண்ணுக்குத் துரு போய்விடும், உப்பு போகாது. துகள்கள் அதைக் குழிகளுக்குள் அடித்து இறக்கும், மறுசுழற்சியாகும் எஃகுத் துகளான கிரிட்டிலும் உப்பு ஏறி அடுத்த உத்திரத்துக்குப் பரவும். ஆகவே, "துகள்வீச்சுக்கு முன் அழுத்த நன்னீரால் கழுவுக" என்பது தனிப் படியாக எழுதப்படவேண்டும்.

வீச்சின் தூய்மை ஐஎஸ்ஓ 8501-1இன்படி எஸ்ஏ 2½. உருப்பெருக்கமின்றிப் பார்க்கும்போது எண்ணெய், துரு, ஆலையில் உருட்டும்போது படிந்த ஆக்சைடுப் படலமான மில் ஸ்கேல், பழைய பூச்சு எதுவும் தெரியக்கூடாது. புள்ளிகளாகவோ கோடுகளாகவோ மெல்லிய நிறச்சாயல் மட்டும் இருக்கலாம். சொரசொரப்பு ஐஎஸ்ஓ 8503 ஒப்புத்தகட்டில் கிரிட் வகையின் நடுத்தரம். துகளாக எஃகு கிரிட்டோ கார்னெட்டோ எழுதலாம். ஆற்றுமணல் கூடாது, அதன் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுத்து சிலிக்கோசிஸ் நோயைத் தருவது. தென் தமிழகக் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கப்படும் கார்னெட் நல்ல துகள்தான், ஆனால் அது பிறந்த இடம் கடற்கரை என்பதால் நன்னீரில் கழுவப்பட்டதா என்பதற்கு நீர்ச்சாற்றின் மின்கடத்துதிறன் சான்று கேளுங்கள். காற்றழுத்தியிலிருந்து வரும் காற்றில் எண்ணெயோ ஈரமோ இருக்கிறதா என்பதை ஒரு வெள்ளை உறிஞ்சுதாளை ஒரு நிமிடம் காற்றுக்குமுன் பிடித்தே பார்த்துவிடலாம். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத உப்பு

இந்த வேலையில் மிகவும் ஏமாற்றுவது இதுதான். எஸ்ஏ 2½ என்று படத்தோடு ஒத்துப்போகும் பளிச்சென்ற எஃகின்மேல் குளோரைடு இருக்கலாம். பூச்சு எதுவும் நீராவியை முற்றாகத் தடுப்பதில்லை. அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துப் படலத்துக்குக் கீழே கரைசலாகிக் கொப்புளத்தை எழுப்புகிறது. கொப்புளத்தை உடைத்தால் உள்ளே நீரும் கறுந்துருவும் தெரியும். தடிமனைக் கூட்டினால் அந்த நாள் தள்ளிப்போகுமே தவிர வராமல் போகாது.

அளப்பது எளிது. ஐஎஸ்ஓ 8502இன் ஆறாம், ஒன்பதாம் பகுதிகள் சொல்லும் பிரெஸ்ல் முறையில், 1250 சதுர மில்லிமீட்டர் பரப்பைச் சூழும் ஒட்டுப்பையை எஃகில் ஒட்டி, தூய நீரை ஊசியால் உள்ளே செலுத்தி, சில முறை இழுத்துத் தள்ளிக் கழுவி, அந்த நீரின் மின்கடத்துதிறன் எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறோம். மொத்தம் 15 மில்லிலிட்டர் நீர் எடுத்திருந்தால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோ சீமென்ஸ் ஏறுவது சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் உப்புக்குச் சமம். நீரை 10 மில்லிலிட்டராக்கினால் பெருக்கும் எண் 4 ஆகிறது. எந்த அளவு நீர் என்று அறிக்கையில் எழுதாதவர் தரும் எண்ணுக்குப் பொருளில்லை.

நம் தூண் ஒன்றில் சோதனை நடப்பதாகக் கொள்வோம். 15 மில்லிலிட்டர் தூய நீரின் தொடக்க அளவு 2. கழுவி எடுத்தபின் 9. ஏற்றம் 7, ஆகவே சதுர மீட்டருக்கு 42 மில்லிகிராம். கப்பல்களின் உப்புநீர்த் தொட்டிகளுக்கான சர்வதேசப் பூச்சுத் தரம் ஏற்கும் உச்சவரம்பு 50. அந்த அளவுகோலில் இந்தத் தூண் தேறிவிடும். ஆனால் மிக அதிக ஆயுள் கேட்கும் நாம் கடல்மேடைகளுக்குரிய 20 என்ற வரம்பை எழுதியிருக்கிறோம். புதிய எஃகில், பட்டறையில், இதை எட்டுவது கடினமில்லை. ஆகவே தூண் நிராகரிக்கப்படுகிறது: நன்னீர்க் கழுவல், உலர்த்தல், கழுவியதால் வந்த மெல்லிய துருவை நீக்க மறுபடி வீச்சு, மறுபடி சோதனை. இதற்கான செலவு யாருடையது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சோதனை எண்ணிக்கை பட்டறையில் ஒரு ஷிப்டுக்கு மூன்று போதும். தளத்தில் பழுதுபார்க்கும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றாவது வேண்டும்.

உப்புக்குப் பின் தூசு. ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்துப் பார்க்கும் ஐஎஸ்ஓ 8502-3 முறையில் அளவிலும் துகளின் பருமனிலும் தரநிலை 2க்கு மேல் போகக்கூடாது.

பனிநிலையும் நேரமும்

வீச்சு முடிந்த எஃகுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கடலோரத்தில் அது சில மணி நேரத்திலேயே துருவேறும். நான்கு மணி நேரத்துக்குள் பிரைமர் என்று எழுதுகிறோம், ஆனால் நிறம் மாறிவிட்டால் நான்கு மணி ஆகாவிட்டாலும் மறுவீச்சுதான். எஃகின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவும், காற்றின் ஒப்பீரப்பதம் 85 விழுக்காட்டுக்குள்ளும் இருக்கவேண்டும்.

இதில் முக்கியமானது எஃகின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை அன்று. விடியற்காலை காற்று 29 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை ஏறத்தாழ 26.2. இரவெல்லாம் குளிர்ந்த கனத்த தூண் 27இல் நிற்கிறது. காற்றை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் 2.8, ஏறத்தாழ 3தானே என்று விட்டுவிடுவார்; எஃகைத் தொட்டு அளப்பவருக்கு 0.8. கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியக்கூடிய பரப்பின்மேல்தான் முன்னவர் பெயிண்ட் அடிக்கப்போகிறார். எஃகு 29.2 ஆகும்வரை காத்திருக்கவேண்டும். அதே நாள் நண்பகலில் நிலைமை தலைகீழாகும்: உத்திரத்தின் வெயில்பட்ட மேல்தட்டான மேல்பிளாஞ்ச் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், தெளித்த பெயிண்ட் எஃகை அடையுமுன் காய்ந்து மணல்தாள்போல் ஒட்டும். பெயிண்ட் தயாரிப்பாளரின் தரவுத்தாள் தரும் மேல்வரம்பை எழுதி, காலையும் மாலையும் வேலை நேரமாகத் திட்டமிடுவது நம் கடற்கரைக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தளத்தில் மேல்பூச்சைத் திட்டமிடாமலிருப்பது அதைவிட நல்லது.

பூசும் வரிசை

பிரைமர், இடைப்பூச்சு ஆகிய இரண்டு முழுப்பூச்சுகளுக்கும், விளிம்பு, வெல்டிங் கோடு, போல்ட் தலை, துளையின் ஓரம், ஆங்கிள்கள் முதுகோடு முதுகு சேரும் இடுக்கு ஆகியவற்றில் தூரிகையால் ஒரு ஸ்ட்ரைப் கோட் இடவேண்டும். உருளையால் அல்ல, ஸ்பிரேயாலும் அல்ல. தூரிகைதான் பெயிண்டைக் குழிக்குள் தேய்த்து நுழைக்கும். ஜிங்க் பிரைமரில் ஸ்ட்ரைப் கோட் தடித்துப்போய் வெடிக்கும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அதற்காக அதை விட்டுவிடாமல், பிரைமரில் ஒன்றும் இடைப்பூச்சுக்கு முன் ஒன்றும் வேறுவேறு நிறத்தில் எழுதுகிறோம்; நிறம் வேறென்றால் விட்டுப்போன இடம் தூரத்திலிருந்தே தெரியும். ஜிங்க் பிரைமரைக் கலக்கியபடியே பூசவேண்டும், கனமான ஜிங்க் டப்பாவின் அடியில் தங்கிவிட்டால் மேலே தெளிக்கப்படுவது வெறும் எபாக்சி.

பூசுபவர் உலர்ந்த தடிமனை அளக்க முடியாது. அவர் கையிலிருப்பது ஈரப்படலச் சீப்பு. அவருக்கு நாம் ஈர எண்ணைத் தரவேண்டும். இடைப்பூச்சில் உலர்ந்தபின் மிஞ்சும் பங்கான திண்மக் கனஅளவு 80 விழுக்காடு என்றால், 200 மைக்ரான் உலர்வுக்கு 200 ÷ 0.80 = 250 மைக்ரான் ஈரம் வேண்டும். ஐந்து விழுக்காடு தின்னர் ஊற்றினால் 250 × 1.05, அதாவது 262. தின்னர் ஊற்றிவிட்டு 250ஐயே வைத்துக்கொள்பவர் அறியாமலே 190 அடிக்கிறார்.

இதே எண்ணிலிருந்து இன்னொரு கண்காணிப்பும் கிடைக்கிறது. திண்மம் 80 உள்ள பெயிண்ட் ஒரு லிட்டர், 200 மைக்ரானில் 4 சதுர மீட்டரை மூடும். நம் 900 சதுர மீட்டருக்கு இழப்பே இல்லாவிட்டாலும் 225 லிட்டர் வேண்டும். ஆங்கிள்களிலும் குறுகிய பிளாஞ்சுகளிலும் தெளிப்பில் பெருமளவு காற்றோடு போகும். 35 விழுக்காடு இழப்பு என்று கொண்டால் 225 ÷ 0.65, ஏறத்தாழ 346 லிட்டர். கிடங்குப் பதிவேட்டில் இடைப்பூச்சு 230 லிட்டர்தான் செலவாகியிருக்கிறது என்றால், எந்த அளவுமானி என்ன காட்டினாலும் 200 மைக்ரான் அங்கே இல்லை. காலி டப்பாக்களை எண்ணுவது பழைய முறைதான். ஆனால் ஏமாற்ற முடியாதது.

பூச்சுகளுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளியைப் போலவே அதிகபட்ச இடைவெளியும் உண்டு. இடைப்பூச்சு பட்டறையில் முடிந்து, லாரியில் வந்து, நிறுத்தப்பட்டு, இரண்டு மாதம் கழித்தே மேல்பூச்சு அடிக்கப்படும் நம் பணியில் இது பெரிய சிக்கல். வயதான எபாக்சி கண்ணாடிபோல் இறுகிவிடும், அதன்மேல் உப்பும் படியும். நன்னீரில் கழுவி, லேசாக உராய்த்து, மறுபடி உப்புச் சோதனை செய்த பிறகே பாலியூரித்தேன் என்று எழுதவேண்டும். இல்லாவிட்டால் மேல்பூச்சு ஓரிரு மழைக்காலங்களில் தாள்போல் உரிந்து வரும். உரிந்த துண்டின் அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் காரணம் இதுதான் என்று அறியலாம்.

உலர் தடிமனை அளந்து ஏற்றல்

இப்போது 320க்கு வருகிறோம். காந்த முறையில் இயங்கும் அளவுமானியை வழவழப்பான தகட்டில் சரிபார்த்துவிட்டு, சொரசொரப்பான எஃகின்மேல் வைத்தால், அது பள்ளங்களின் ஆழத்தில் ஒரு பகுதியையும் பெயிண்டாகக் கணக்கிடும். ஐஎஸ்ஓ 19840 இதற்குத் திருத்தம் தருகிறது: நடுத்தரச் சொரசொரப்புக்கு ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் 25 மைக்ரான் கழிக்கவேண்டும். பிரைமரில் இதன் பாதிப்பு பெரிது. அளவுமானி 70 காட்டினால், 60 கேட்டவருக்கு நிம்மதி. ஆனால் கழித்தால் உண்மையில் 45. மொத்தத் தடிமனிலும் 330 என்று காட்டுவது 305 மட்டுமே. திருத்தம் கழிக்கப்பட்டதா இல்லையா என்று அறிக்கையில் ஒரு பத்தி இருக்கட்டும்.

எத்தனை இடத்தில் அளப்பது என்பதும் அதே தரத்தில் இருக்கிறது. 10 முதல் 30 சதுர மீட்டர் வரையிலான பகுதிக்கு 20 அளவீடுகள், 30 முதல் 100 வரை 30. ஏற்கும் விதியை இப்படி எழுதலாம்:

"பெயரளவு உலர் தடிமன் 320 மைக்ரான். திருத்தம் கழித்த அளவீடுகளின் சராசரி 320க்குக் குறையக்கூடாது. எந்தத் தனி அளவீடும் 256க்குக் குறையக்கூடாது. 256க்கும் 320க்கும் இடைப்பட்ட அளவீடுகள் மொத்தத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எந்த அளவீடும் 640ஐத் தாண்டக்கூடாது."

256 என்பது 320இன் 80 விழுக்காடு. கடைசி வாக்கியத்தில் தரம் மூன்று மடங்கு வரை விடுகிறது; நாம் இரண்டு மடங்கோடு நிறுத்துகிறோம். அதிகத் தடிமன் தீங்கற்றது என்று எண்ணவேண்டாம். தடித்த எபாக்சிக்குள் கரைப்பான் சிக்கி மென்மையாக நிற்கும், மூலைகளில் சுருங்கி வெடிக்கும்.

பைப் ரேக்கின் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் 36 சதுர மீட்டர், ஒவ்வொன்றிலும் 30 அளவீடுகள். முதல் பகுதியின் சராசரி 334, மிகக் குறைந்தது 262, 320க்குக் கீழே ஐந்து அளவீடுகள். 30இல் 20 விழுக்காடு ஆறு. ஐந்து அதற்குள் அடங்குகிறது. ஏற்கலாம். இரண்டாம் பகுதியின் சராசரி 352, முதல் பகுதியைவிட நன்று. ஆனால் இரண்டு அளவீடுகள் 238, 244. இரண்டும் கீழ்ப்பிளாஞ்சின் மேல்பக்கத்தில், நடுத்தகட்டுக்கு அடுத்த இருண்ட மூலையில் எடுக்கப்பட்டவை. பகுதி நிராகரிக்கப்படுகிறது. அந்த மூலையின் எல்லையைச் சுற்றிலும் அளந்து கண்டுபிடித்து, அங்கு மட்டும் இடைப்பூச்சைக் கூட்டிவிட்டு மறுபடி அளக்கவேண்டும். சராசரி என்ற ஒற்றை எண்ணை வைத்திருந்தால் இந்தப் பகுதிதான் முதலில் கையெழுத்தாகியிருக்கும்.

தடிமனை இறுதியில் மட்டும் அளப்பது தவறு. 320க்குள் ஜிங்க் 30 மட்டும் இருந்து இடைப்பூச்சு 230 இருந்தால், கூட்டுத்தொகை சரியாகவே வரும். கீறல் விழும் இடத்தில் காப்பாற்ற வேண்டிய ஜிங்க் பாதிதான் இருக்கும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் அளந்து கையெழுத்திட்ட பின்பே அடுத்தது என்று நிறுத்தப்புள்ளி வையுங்கள். எந்த அளவுமானியும் விளிம்பை ஒட்டிய இடத்தில் நம்பத்தக்க எண் தராது. அங்கே காந்தப்புலம் சிதைகிறது. ஆக, துரு முதலில் தொடங்கும் இடம் எதுவோ அதுவே அளக்க முடியாத இடமாகவும் இருக்கிறது. அங்கே நம்பிக்கைக்கு ஆதாரம் முன்னே சொன்ன 2 மில்லிமீட்டர் உருட்டலும், வேறுநிற ஸ்ட்ரைப் கோட்டைக் கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பும்தான்.

தளத்தில் மிஞ்சும் வேலை

தளத்தில் வெல்டிங் நடக்கும் மூட்டுகளின் இருபுறமும் பட்டறையிலேயே 75 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூசாமல் மூடிவைக்கவேண்டும். பூச்சுகள் அங்கே படிப்படியாக இறங்கி முடியவேண்டும். வெல்டிங் முடிந்தபின் அந்தப் பட்டையை வெறும் கம்பித்தூரிகையால் தேய்த்துப் பூசுவதே வழக்கமாக நடக்கிறது. கம்பித்தூரிகை எஃகைப் பளபளப்பாக்குமே தவிர சொரசொரப்பாக்காது, ஜிங்க் எபாக்சி அதில் பிடிக்காது. சிறிய வெற்றிட வீச்சுக்கருவி கிடைத்தால் எஸ்ஏ 2½, கிடைக்காவிட்டால் சொரசொரப்பை உண்டாக்கும் இயந்திரக் கருவி என்று தெளிவாக எழுதி, அதன்மேல் அதே மூன்று பூச்சுகளையும் அதே தடிமனில் கேளுங்கள். சங்கிலி கட்டித் தூக்கிய இடங்களின் காயங்களில் எஃகு தெரிந்தால் பிரைமரிலிருந்து தொடங்கவேண்டும். ஜிங்க் வரை மட்டும் இறங்கியிருந்தால் ஓரங்களை மணல்தாளால் சரித்துவிட்டு இடைப்பூச்சிலிருந்து தொடங்கலாம்.

எல்லாப் பழுதும் முடிந்து, கழுவி, உப்பு பார்த்து, கடைசியாக அறுபது மைக்ரான் பாலியூரித்தேன் போகிறது. முழுதாக இறுகிய பிறகு, ஒட்டுத்திறனை அறிய ஐஎஸ்ஓ 4624 முறையில் சில இடங்களில் இழுத்துப் பார்க்கலாம். இது பூச்சை உடைக்கும் சோதனை என்பதால், அதே நாளில் அதே குழு பூசிய தனிச் சோதனைத் தகடுகளில் செய்யச் சொல்லி, 5 மெகாபாஸ்கல் குறைந்தபட்சம் என்று எழுதுவது நடைமுறைக்கு எளிது. எந்த எண்ணில் விட்டது என்பதோடு எங்கே விட்டது என்பதையும் பதியுங்கள். எஃகுக்கும் பிரைமருக்கும் இடையில் விட்டால் ஆயத்தத்தில் குறை. இரண்டு பூச்சுகளுக்கு இடையில் விட்டால் இடைவெளியிலோ கழுவலிலோ குறை. பூச்சின் உள்ளேயே விட்டால் கலவையிலோ இறுகலிலோ குறை.